கொலு பொம்மையை விற்றுக்கொடுக்கிறீர்களா?

பம்மலில் சிறு கடை வைத்திருப்பவர்கள் நவராத்திரிக்குக் காஞ்சிபுரம், பண்ருட்டி கைவினைஞர்களின் பொம்மைகளைக் கமிஷனுக்கு வாங்கி வைக்கலாம். விற்கும்வரை பொம்மை செய்தவருக்கே சொந்தம். அதனால் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும்.

• சரக்கு இறங்கும்போதே அவர் எதிரில் பிரித்து எண்ணுங்கள். மூக்கு, விரல் நுனி உடைந்திருந்தால் அப்போதே சலானில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

• கமிஷன் விற்ற விலையிலா, குறித்த விலையிலா என்று முன்பே பேசுங்கள். தள்ளுபடி கொடுத்தால் தகராறு அங்கேதான் தொடங்கும்.

• உதாரணம்: வந்தவை 40, விலை தலா ரூ.400, கமிஷன் 25 சதவீதம். விற்றவை 27, கடையில் உடைந்தது 1, மீதி 12. விற்பனை ரூ.10,800, கமிஷன் ரூ.2,700 போக அவருக்கு ரூ.8,100. உடைந்ததைக் கடை ஏற்பதாகப் பேசியிருந்தால் இன்னும் ரூ.300 சேர்த்து ரூ.8,400.

• வாரந்தோறும் ஒரே கிழமையில் பணம் அனுப்புங்கள். விற்ற பணத்தைக் கடைக் கல்லாவில் கலக்காதீர்கள்.

• மீதியைத் திருப்பும் தேதியையும் எழுதுங்கள். 'விற்றால் பணம், இல்லையேல் சரக்கு' என்று வாங்கி, குறித்த நாளுக்குப் பின்னும் சொல்லாமல் வைத்திருந்தால், 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி நீங்கள் வாங்கியதாகவே ஆகிவிடும்.