கூர்மை இமைமுடிக்கு, கன்னத்துக்கு அல்ல

ஹை பாஸ் ஃபில்டர் படத்தைச் சாம்பல் நிறமாக்கி ஓரங்களை மட்டும் மிச்சம் வைக்கும். ஒவ்வொரு இமைமுடியின் ஓரத்திலும் முடிப்பக்கம் ஒரு கருத்த கோடும் தோல்பக்கம் ஒரு வெளுத்த கோடும் விழும். நமக்கு வேண்டியது கருத்த கோடு. வெளுத்தது மிஞ்சிப்போனால் இமையைச் சுற்றி வெள்ளை விளிம்பு கட்டிக்கொள்ளும். கீழே உள்ளவை ஃபோட்டோஷாப்பில், 24 மெகாபிக்சல் கேமராவில் தோள் வரை நெருங்கி எடுத்த மணப்பெண் படத்தை மனதில் வைத்துச் சொல்பவை. கண்ணில் மை, அதன்மேல் ஒட்டு இமை என்று ஏற்கெனவே கருப்பு தூக்கலாக இருப்பதால் வெள்ளை விளிம்பு அங்கேதான் சீக்கிரம் வரும்.

செய்ய வேண்டியவை

• தோல் ரீடச், கலர் எல்லாம் முடிந்த பிறகு Ctrl+Alt+Shift+E அழுத்தி எல்லா லேயரையும் சேர்த்து ஒரு புது லேயர் எடுங்கள். Ctrl+Shift+U கொடுத்து நிறத்தை நீக்கிவிட்டால் ஓரங்களில் கலர் கசியாது. பிறகு Convert to Smart Object கொடுத்து, பிளெண்ட் மோடை Overlay ஆக்கி, அதன்பின் Filter > Other > High Pass திறங்கள். Smart Object ஆக இருந்தால் ரேடியஸை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம்.

• ரேடியஸை 1 பிக்சலில் தொடங்குங்கள். ஃபில்டர் பெட்டியின் சின்ன சாம்பல் ப்ரிவியூவைக் கவனியுங்கள்: தனித்தனி முடி தெரிய வேண்டும், இமையின் மடிப்பு புடைத்துத் தெரியக்கூடாது. மடிப்பு எழும்ப ஆரம்பித்தால் ரேடியஸ் கூடிவிட்டது. இந்த அளவு படத்துக்கு 1.5-ஐத் தாண்டத் தேவைப்படுவது அபூர்வம்.

• Alt அழுத்தியபடி மாஸ்க் பட்டனைத் தட்டினால் கருப்பு மாஸ்க் வரும். வெள்ளை பிரஷ், Flow 20. இமைமுடிக்கு இரண்டு மூன்று முடி அகலத்துக்கு மேல் போகாத பிரஷ்ஷால், வேரிலிருந்து நுனிக்கு, முடி வளைந்த போக்கிலேயே இழுங்கள். மொத்த இமையையும் ஒரே இழுப்பில் பூசினால் இடையிலுள்ள தோலும் சேர்ந்து கூர்மையாகும்.

• எவ்வளவு கவனமாகப் பூசினாலும் முடிகளுக்கு நடுவே தோல் சிக்கத்தான் செய்யும். அதற்கு ஒரு நல்ல வழி உண்டு. ஹை பாஸ் லேயரின்மேல் ஒரு Curves லேயர் போட்டு Ctrl+Alt+G கொடுத்து அதோடு மட்டும் கட்டுங்கள். நடுவில் Input 128, Output 128 என்று ஒரு புள்ளி குத்துங்கள். சாம்பலின் நடுப்புள்ளி நகர்ந்தால் மாஸ்க்கில் பூசிய இடமெல்லாம் இருண்டுவிடும். பிறகு வலது மேல் முனையை 255-லிருந்து 170 வரை கீழே இறக்குங்கள். வெளுத்த கோடு அடங்கும், கருத்த கோடு ஏறக்குறைய அப்படியே நிற்கும். ரேடியஸைக் குறைத்துக் குறைத்துப் போராடுவதைவிட இது மேல்.

• கருவிழிக்குத் தனி லேயர் வையுங்கள், அதில் இந்த Curves வேண்டாம். விழியில் விழும் ஒளிப்புள்ளிக்கும் ரேகைகளுக்கும் வெளிச்சப் பக்கம்தான் உயிர். Soft Light, ரேடியஸ் 2, மிருதுவான பிரஷ் போதும்.

செய்யக்கூடாதவை

• வெள்ளைவிழியில் பிரஷ் படவேண்டாம். மண்டபத்தில் விடிய விடிய விழித்திருந்த கண்ணின் சிவப்பு நரம்பெல்லாம் எழுந்து நிற்கும்.

• கீழிமைக்கு அடியில் போகாதீர்கள். பவுடர் சுருக்கத்தில் தங்கியிருக்கும் இடம் அது. தோல் மொறுமொறுப்பாகத் தெரிவது முதலில் இங்கேதான். ஒட்டு இமையின் பசை தெரியும் இடத்திலும் மாஸ்க் கருப்பாகவே இருக்கட்டும்.

• கேமரா ரா-வில் ஏற்கெனவே கொடுத்த ஷார்ப்னிங்கை மறக்க வேண்டாம். ரா படங்களுக்கு Amount 40 தானாகவே வந்து உட்காரும். Masking ஸ்லைடரை Alt அழுத்தியபடி நகர்த்தி, கன்னம் முழுக்கக் கருப்பாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

• ஃபோகஸ் தவறிய கண்ணில் இதை முயலாதீர்கள். முகம் பக்கவாட்டில் திரும்பியிருக்க, f/1.8-ல் எடுத்த படத்தில் தூரத்துக் கண் மங்கலாகத்தான் இருக்கும். இல்லாத முடியை எந்த ஃபில்டரும் தராது, இருக்கும் நாய்ஸைத்தான் கூர்மையாக்கும்.

• ஆல்பத்துக்குச் செய்ததை அப்படியே சுருக்கி மொபைலுக்கு அனுப்பாதீர்கள். 4000 பிக்சல் அகலம் 1080 ஆகும்போது ஒரு பிக்சல் கோடு கால் பிக்சலாகக் கரைந்துவிடும். கூர்மை சேர்க்காத படத்தைச் சுருக்கி, அதில் ரேடியஸ் 0.4 அளவில் தனியாகச் செய்யுங்கள்.

• 50 சதவீத ஜூமில் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். 100 சதவீதத்தில் வைத்து லேயரை அணைத்து அணைத்துப் போடுங்கள். முடி மாற வேண்டும், இமைத்தோல் மாறக்கூடாது. தோலும் சேர்ந்து மாறினால் Opacity-யை 60-க்கு இறக்கிவிடுங்கள். கண் கொஞ்சம் மென்மையாக இருந்ததென்று எந்தப் பெண்வீட்டாரும் ஆல்பத்தைத் திருப்பித் தருவதில்லை.