வேற்றுமை உருபுகளின் படிநிலை: வயதுவந்தோருக்கான ஒரு வாசிப்புப் பகுதி

தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கக் கல்லாத வயதுவந்தோருக்கு உருபுகளின் பொருள் புதிதன்று. அவற்றின் எழுத்து வடிவமே புதிது. ஆகவே பேச்சு வடிவுக்கும் எழுத்து வடிவுக்கும் உள்ள தொலைவே படிநிலையைத் தீர்மானிக்க வேண்டும். இக்கருத்தை ஆரணிப் பட்டுத்தறிக்கு வேலைக்குச் செல்பவரின் பேருந்துப் பயணம் பற்றிய, ஏறத்தாழ 130 சொற்கள் கொண்ட பகுதியால் இக்கட்டுரை விளக்குகிறது.

படி 1. ஊர் கண்ணமங்கலம். கமலா ஆரணிக்குப் போகிறார். தினமும் வேலைக்குப் போகிறார். மணி ஏழு. நிறுத்தத்துக்கு வருகிறார். ஒரு பேருந்து வருகிறது. அது வேலூருக்குப் போகிறது. அது வேண்டாம். இன்னொரு பேருந்து வருகிறது. அது போளூருக்குப் போகிறது. அதுவும் வேண்டாம். மூன்றாவது பேருந்து வருகிறது. கமலா பலகை பார்க்கிறார். ஆ, ர, ணி. இது ஆரணிக்குப் போகிறது. கமலா ஏறுகிறார்.

படி 2. பேருந்தில் கூட்டம் அதிகம். கமலா ஓர் ஓரத்தில் நிற்கிறார். கையில் பை இருக்கிறது. பையில் சோறு இருக்கிறது. நடத்துநர் வருகிறார். "எங்கே போகிறீர்கள்?" "ஆரணிக்கு ஒரு சீட்டு." கமலா பணம் கொடுக்கிறார். நடத்துநர் சீட்டுத் தருகிறார். சீட்டில் கட்டணம் இருக்கிறது. கமலா மெல்லப் படிக்கிறார். சில்லறை சரி. வழியில் ஓர் இடம் காலியாகிறது. கமலா உட்காருகிறார்.

படி 3. மணி எட்டு. பேருந்து ஆரணியில் நிற்கிறது. கமலா பேருந்திலிருந்து இறங்குகிறார். நிலையத்திலிருந்து தறிக்கூடம் பக்கம். கமலா நடந்து போகிறார். தெருவில் தறிச் சத்தம் கேட்கிறது. பெட்டியிலிருந்து பட்டு நூல் எடுக்கிறார். தார் சுற்றுகிறார். நூல் மெல்லியது. கை மெல்லச் சுற்றுகிறது. தறியில் சேலை வளர்கிறது. மாலையில் வேலை முடிகிறது. தறிக்கூடத்திலிருந்து நிலையத்துக்கு நடக்கிறார். ஆரணியிலிருந்து கண்ணமங்கலத்துக்குப் பேருந்து இருக்கிறது. யாரும் சொல்லவில்லை. கமலா தானே பலகை படிக்கிறார். ஏறுகிறார்.

'கு' உருபு பேச்சிலும் எழுத்திலும் ஒன்றே. ஆதலின் அது முதற்படி. 'நிலையத்திற்கு' என்னாது 'நிலையத்துக்கு' என எழுதியதும் இதுபற்றியே. 'இல்' பேச்சில் 'ல' எனக் குறுகும். அது இரண்டாம் படி. 'இலிருந்து' பேச்சில் 'லேருந்து' எனத் திரிந்து மிகவும் விலகுவதால் இறுதியில் வருகிறது. 'ஆரணிக்குப் போகிறார்', 'நிறுத்தத்துக்கு வருகிறார்' எனும் இணை, நான்காம் வேற்றுமை உருபின்பின் வல்லினம் மிகும், வகரம் மிகாது என்பதை விதி கூறாமலே கண்ணுக்குப் பழக்குகிறது.

'பேருந்திலிருந்து' என்பதைக் கற்போர் 'பஸ்லேருந்து' என வாசித்தல் இயல்பு. பொருள் விளங்கியதற்கு அது சான்று. எழுத்தைப் படித்ததற்குச் சான்றாகாது. எனவே அதனைப் பிழையெனத் திருத்தாது, 'ஆரணிக்கு', 'ஆரணியில்', 'ஆரணியிலிருந்து' எனும் மூன்று அட்டைகளை வரிசை மாற்றி வைத்து, ஆசிரியர் சொல்லும் ஒன்றை எடுக்கச் செய்யலாம். 'ஆரணி' என்ற தொடக்கம் மட்டும் பார்த்து ஊகிப்பவர் இங்கே தடுமாறுவார். அவர் முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும்.

இவ்வரிசை தமிழ் பேசுவோருக்கே பொருந்தும். தமிழை இரண்டாம் மொழியாகக் கற்போருக்குத் துணைநிற்கும் பேச்சு வடிவம் இல்லாமையால், அவர்க்கு உருபின் பொருளே படிநிலைக்கு அடிப்படையாதல் வேண்டும்.