மங்கிய படமும் ஐயக் குறியும்

நுழையும்முன்

பள்ளிக்கு வர இயலாத நாளின் பாடக் குறிப்பைத் தோழர் ஒருவர் படமெடுத்துப் புலனத்தில் அனுப்புகிறார். படம் மங்கலாக இருக்கிறது. தெரியாத சொல்லை நாமே நிரப்பி எழுதிக்கொள்வதற்கும், ‘இங்குத் தெரியவில்லை’ என்று குறித்துவைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரே ஒரு வரியைக் கொண்டு இப்பாடம் ஆராய்கிறது.

ஓலைச்சுவடிகளில் எழுதியோர் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். எகரத்திற்கும் ஏகாரத்திற்கும், ரகரத்திற்கும் காலுக்கும் வேறுபாடு காண்பதும் சுவடியில் அரிது. மங்கலான ஒளிப்படம் நம் காகித ஏட்டையும் ஏறத்தாழ அந்நிலைக்கே கொண்டு செல்கிறது. பக்கத்தில் மிகச் சிறியது புள்ளி. ஆகவே முதலில் மறைவதும் அதுவே.

மறையும் அப்புள்ளியே படத்தின் குறையை அறியவும் துணைசெய்கிறது. ஐயமின்றித் தெரிந்த சொல் ஒன்றைத் தேர்ந்துகொள்க. ‘அமிலம்’ என்னும் தலைப்பாக இருக்கலாம். அதன் இறுதி மகரத்தின்மேல் புள்ளி எப்படித் தோன்றுகிறது என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். புள்ளி ஒரு சிறு கோடாக நீண்டிருந்தால், படமெடுத்தவரின் கை அசைந்திருக்கிறது. கோட்டின் திசையே அசைவின் திசை. கை பக்கவாட்டில் அசைந்த படத்தில் கிடைக்கோடுகள் ஓரளவு நிற்கும். காலும் ரகரத்தின் செங்குத்துக் கோடும் கலைந்துவிடும். புள்ளி வெளிறிய வட்டமாகப் பரவியிருந்தால், படக்கருவி சரியான தொலைவில் குவியவில்லை. அப்போது சுழிகள் அடைபட்டு ணகரமும் னகரமும் ஒன்றுபோல் தோன்றும். புள்ளி கூர்மையாக இருந்தும் பக்கம் இருண்டிருந்தால் குறை ஒளியில் மட்டுமே. திரையின் வெளிச்சத்தைக் கூட்டினால் பெரும்பாலும் படித்துவிடலாம். முன்னைய இரண்டிலும் அவ்வழி பயன் தராது. படத்தைக் கூர்மையாக்கும் வசதிகள் விளிம்புகளை அழுத்திக் காட்டுமே அன்றி, பதிவாகாத புள்ளியை மீட்டுத் தருவதில்லை. அதே படத்தைச் சுருக்கப்படாத கோப்பாக அனுப்பச் சொல்வது இவற்றைவிட நல்ல வழி.

இனி வரிக்கு வருவோம். வேதியியல் செய்முறைக் குறிப்பில், அடர் சல்பியூரிக் அமிலத்தை நீர்த்தல் என்னும் தலைப்பின்கீழ் ஒரு தொடர் இருப்பதாகக் கொள்வோம். படத்தில் பக்கவாட்டு அசைவு. வரியின் வலப்பகுதி ஏட்டின் மடிப்பில் புதைந்துள்ளது. உறுதியாகத் தெரிபவை ‘நீ’, ‘அமில’, ‘சேர்க்க’ ஆகிய மூன்று மட்டுமே. ‘நீ’ என்பதற்குப் பின் இரண்டு வடிவங்களும், ‘அமில’ என்பதற்குப் பின் மூன்று வடிவங்களும் கலங்கித் தெரிகின்றன.

விரைந்து படிப்பவர் உடனே நிரப்பிவிடுவார். சற்று நின்று எண்ணிப் பார்ப்போம். ‘நீரில்’ என்றால் ‘நீ’க்குப் பின் ரி, ல் என இரண்டு வடிவங்கள். ‘நீரை’ என்றாலும் ஐகாரக் குறி, ரகரம் என இரண்டே வடிவங்கள். ‘அமிலத்தில்’ என்பதில் ‘அமில’வுக்குப் பின் மூன்று, ‘அமிலத்தை’ என்பதிலும் ஐகாரக் குறியைச் சேர்த்து மூன்று. எண்ணிக்கை இங்கு உதவவில்லை. சொற்களின் வரிசையும் உதவாது. தமிழில் எது எதனுள் சேர்கிறது என்பதை வேற்றுமை உருபே காட்டுகிறது. கலங்கிப்போனவை அவ்வுருபுகள்தாம்.

இலக்கணம் ஒரு சான்று தரக்கூடும். இரண்டாம் வேற்றுமை விரியின்பின் வல்லினம் மிகும். ஆகவே ‘அமிலத்தைச் சேர்க்க’ என எழுதியிருந்தால் நான்காவதாகச் சகர மெய் இருக்க வேண்டும். படத்தில் மூன்றே வடிவங்கள் உள்ளன. எனவே ‘அமிலத்தில்’ என முடிவு செய்யலாமா? அதற்குமுன் அவ்வேட்டின் பிற வரிகளைப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் ‘குடுவையைக் கழுவி’ என்றும், மற்றோரிடத்தில் ‘கரைசலை தயாரிக்க’ என்றும் அவர் எழுதியிருந்தால், விரைவில் ஒற்றை விட்டுவிடும் வழக்கம் அவருக்கு உண்டு எனத் தெரியும். அத்தகையவரின் ஏட்டில் சகர மெய் தெரிந்தால் அது சான்று, தெரியாமை சான்றாகாது.

எஞ்சியிருப்பது பாட அறிவு. அடர் சல்பியூரிக் அமிலம் நீருடன் கலக்கும்போது மிகுந்த வெப்பம் வெளிப்படும். அமிலம் நீரைவிட அடர்த்தி மிக்கது. ஆகவே அதில் ஊற்றப்படும் நீர் மேற்பரப்பிலேயே சூடேறிக் கொதித்து, அமிலத்தையும் சேர்த்துத் தெறிக்கச் செய்யும். இதனால்தான் மிகுதியான நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக, கலக்கியவாறே சேர்க்கிறோம். இதை அறிந்த மாணவர், ‘நீரில் அமிலத்தைச் சேர்க்க வேண்டும்’ என வரியை நிரப்புவார். ஆனால் ஆசிரியர் அதே செய்தியை எதிர்மறையாக, ‘நீரை அமிலத்தில் சேர்க்கக் கூடாது’ எனவும் சொல்லியிருக்கலாம். இரண்டும் வேதியியலின்படி சரியே. தெரிந்த எழுத்துகளுக்கும் இரண்டும் பொருந்துகின்றன. முன்பாதியை இரண்டாம் தொடரிலிருந்தும் பின்பாதியை முதல் தொடரிலிருந்தும் எடுத்துக்கொண்டால் ‘நீரை அமிலத்தில் சேர்க்க வேண்டும்’ என்றாகிவிடும். ஆய்வகத்தில் அவ்வாறு செய்பவரின் முகத்திலும் கையிலும் அமிலம் தெறிக்கும். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே ஊகிப்பவருக்கு இத்தொடர் கிடைப்பது கடினமன்று.

எனவே படியெடுக்கும்போது இவ்வாறு எழுதலாம்:

நீ[..] அமில[...] சேர்க்க[மடிப்பு]

சதுர அடைப்புக்குள் உள்ள ஒவ்வொரு புள்ளியும் படிக்க இயலாத ஒரு வடிவத்தைக் குறிக்கும். ஓர் எழுத்து பாதி தெரிந்தால் அதையே வினாக்குறியுடன் [ரை?] என எழுதலாம். பாடநூலைப் பார்த்து அறிந்த செய்தியை வரிக்குள் நுழைக்காமல், ‘பாடநூலில்: நீரில் அமிலத்தைச் சேர்க்க வேண்டும்’ என ஓரத்தில் எழுத வேண்டும். படத்தில் கண்டது வரியிலும் வேறிடத்தில் அறிந்தது ஓரத்திலும் நின்றால் இரண்டும் கலவா.

இம்முறை புதியதன்று. கல்வெட்டுகளைப் படியெடுப்போர் ஐயத்திற்குரிய எழுத்துகளைச் சதுர அடைப்புக்குள் காட்டுவர். உ.வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டு புறநானூற்றைப் பதிப்பித்தார். அந்நூலில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அவ்வெண்களுக்குரிய இடங்கள் இன்றும் வெற்றிடங்களாகவே உள்ளன. சிதைந்த அடிகளைப் பதிப்புகளில் புள்ளிகளாகக் காண்கிறோம். சங்கப் பாடலின் நடையறிந்த புலவருக்கு ஓரடியைத் தாமே இயற்றி அங்கு வைப்பது அரிய செயலன்று. அவ்வாறு வைத்திருந்தால், பின்னர் வேறொரு சுவடி கிடைத்தாலும் எவ்விடத்தை ஒப்பிடுவது என யாருக்கும் தெரிந்திராது.

ஐயக் குறியிட்ட பின் செய்ய வேண்டியது வினவுதல். ‘படம் தெளிவாக இல்லை’ என்று மட்டும் எழுதினால் அதே படமே மீண்டும் வரும். ‘நான்காம் வரியில் நீருக்குப் பின் இருப்பது ஐ உருபா, இல் உருபா? வரியின் இறுதிச் சொல் என்ன?’ என்று கேட்டால், தோழர் ஏட்டைத் திறந்து ஒரு நொடியில் விடை சொல்வார். ‘நீரை அமிலத்தில் சேர்க்கக் கூடாது’ என அவரிடமிருந்து வந்தால் அடைப்புகளை நீக்கி, ‘ஏட்டில் பார்த்தது’ என ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம். விடை வருமுன் வேறொருவர் உங்கள் படியைக் கேட்டால், அடைப்புகளோடு அப்படியே கொடுக்க வேண்டும். அழகுக்காக அவற்றை விட்டுவிட்டுப் படியெடுத்தால், மூன்றாம் படியைப் படிப்பவருக்கு அங்கே ஓர் ஐயம் இருந்ததே தெரியாது.