எந்த வேலை நஷ்டம்? – அச்சகக் கணக்கில் ஒரு பாடம்

எஸ்டிமேட்டிங் பாடத்தில் காகிதம், மை, பிளேட் கணக்கு போடத் தெரிந்தால் போதும் என்று நினைக்கிறோம். ஆனால் ஓர் அச்சகத்தில் பல வகை வேலை ஓடும்போது, எது லாபம், எது நஷ்டம் என்பதை நிலையான செலவைப் பிரிக்கும் விதம்தான் முடிவு செய்கிறது.

கல்யாணப் பத்திரிகை, பில் புக், நோட்டீஸ் என மூன்று வேலை செய்யும் ஓர் ஆப்செட் அச்சகத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மாதக் கணக்கு (ரூபாயில், எடுத்துக்காட்டுக்காக):

| | பத்திரிகை | பில் புக் | நோட்டீஸ் |
|---|---|---|---|
| விற்பனை | 2,00,000 | 1,20,000 | 80,000 |
| மாறும் செலவு | 1,10,000 | 66,000 | 50,000 |
| தனி நிலைச் செலவு | 34,000 | 26,000 | 14,000 |
| பிரிவு மிச்சம் | 56,000 | 28,000 | 16,000 |

தனி நிலைச் செலவு என்பது அந்த வேலைக்காகவே ஏற்படுவது. பில் புக்குக்கு நம்பரிங் போடுபவரின் மாதச் சம்பளம் அப்படிப்பட்டது. கட்டட வாடகை, ஆப்செட் ஆபரேட்டர் சம்பளம், மேனேஜர் சம்பளம் எல்லாம் மூன்றுக்கும் பொது. அது மொத்தம் 90,000. மிச்சங்களின் கூட்டல் 1,00,000. ஆக அச்சகத்துக்கு லாபம் 10,000.

இப்போது முதலாளி பொதுச் செலவை விற்பனை விகிதப்படி பங்கு போடுகிறார். நோட்டீஸ் தலையில் 18,000 விழுகிறது. உடனே அது 2,000 நஷ்டம்! "நோட்டீஸை நிறுத்திடலாம்" என்கிறார். நிறுத்தினால் வாடகை குறையுமா? ஒரு பைசா குறையாது. போவது 16,000 மிச்சம்தான். 10,000 லாபம் 6,000 நஷ்டமாக மாறிவிடும். அதே 90,000-ஐ மீதி இரண்டுக்கும் பங்கு போட்டால் பில் புக்கின் பங்கு 33,750 ஆகி, அதுவும் 5,750 நஷ்டம் காட்டும். அடுத்து அதையும் நிறுத்தச் சொல்வார்கள்!

என் அப்பா ஓர் அச்சகத்தில் நோட்டீஸ் கட்டிங் வேலை பார்க்கிறவர். எங்க வீட்டில் முதலில் காலேஜ் படி ஏறினவன் நான். இந்தப் பங்கு பிரிக்கிற கணக்கில் யாருடைய வேலை போகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. தனிச் செலவு எல்லாமே, வேலையை நிறுத்தினால் மிச்சமாகிவிடாது. நோட்டீஸின் 14,000-இல் 9,000 கட்டிங் ஆள் சம்பளம், 5,000 அந்த மெஷினின் தேய்மானம் என்று வையுங்கள். மெஷின் சும்மா நின்றாலும் தேய்மானம் கணக்கில் இருக்கும். அப்படியானால் நிறுத்துவதால் இழப்பது 16,000 அல்ல, 21,000.

ஆனால் முகூர்த்த மாதங்களில் ஆப்செட் மெஷினுக்கு ஓய்வே இருக்காது. நோட்டீஸுக்காகப் பத்திரிகை ஆர்டரைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தால், மெஷின் ஓடும் ஒரு மணிக்கு எது அதிகம் தருகிறது என்று பார்க்க வேண்டும். அங்கே மாத மிச்சம் மட்டும் பதில் சொல்லாது.

ஆகவே ஒவ்வொரு செலவையும் பார்த்து, "இந்த வேலை நின்றால் இந்தச் செலவு நிற்குமா?" என்று கேளுங்கள். நிற்காத செலவைக் காட்டி எந்த வேலையையும் நஷ்டம் என்று சொல்லாதீர்கள்.