நெட் அடிக்கடி கட் ஆகிறதா? புகார்க் கடிதம் எழுதச் சில குறிப்புகள்

'நெட் சரியில்லை' என்று மட்டும் எழுதினால் 'ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்' என்றே பதில் வரும். லைனைச் சோதிக்க ஆள் வர வேண்டுமென்றால், கோளாறு லைனில்தான் என்பதைக் கடிதமே காட்ட வேண்டும். இது ஃபைபர் இணைப்பு உள்ள வீடுகளுக்கு.

1. இணைப்பு போனதும் சுவரில் உள்ள பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். LOS சிவப்பாக எரிந்தால் ஃபைபர் வழியே ஒளி வரவில்லை. கேபிளையோ அது கிளம்பும் இடத்தையோ சோதிக்க வேண்டும். PON நிலையாக எரிந்தும் நெட் இல்லையென்றால், கோளாறு பெரும்பாலும் நிறுவனத்தின் பக்கம். எல்லா விளக்குகளும் அணைந்திருந்தால் அடாப்டரைப் பாருங்கள்.

2. லேப்டாப்பைப் பெட்டியோடு லேன் கேபிளில் இணைத்துப் பாருங்கள். அதில் நெட் தடையின்றி வந்தால் சிக்கல் வைஃபையில்தான். லைன் புகார் வேண்டாம்.

3. மூன்று நாள் குறிப்பு எடுங்கள்: எப்போது போனது, எப்போது வந்தது, எந்த விளக்கு எரிந்தது, காற்றோ மழையோ இருந்ததா. சிவப்பு விளக்கைத் தேதி தெரியும்படி படமெடுங்கள்.

4. கடிதத்தைச் சுருக்கமாக எழுதுங்கள். மாதிரி:

"பொருள்: தொடர் துண்டிப்பு, லைன் சோதனை கோருதல். வாடிக்கையாளர் எண்: ____.
ஐயா, திங்கள் முதல் புதன் வரை ஏழு முறை இணைப்பு துண்டானது. ஐந்து முறை LOS சிவப்பாக எரிந்தது. அந்த ஐந்தும் காற்று வீசிய மாலை நேரத்தில். லேன் கேபிளிலும் இதே நிலைதான். நேரப்பட்டியலும் படங்களும் இணைத்துள்ளேன். கம்பத்திலிருந்து வீடு வரையுள்ள கேபிளையும் இணைப்பு முனைகளையும் பவர் மீட்டரால் சோதிக்கத் தொழில்நுட்பரை அனுப்பவும். மாலை 4 மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன். துண்டிப்பு நேரத்துக்குரிய கட்டணத்தைக் கழிக்கவும் வேண்டுகிறேன்."

காற்றோடு சேர்ந்து LOS எரிவது, கேபிள் எங்கோ ஆடுகிறது அல்லது மடங்கியிருக்கிறது என்பதற்கான தடயம். அதனால்தான் காற்று வீசிய நேரத்தைக் குறிப்பிடுகிறோம்.

5. ஆள் வந்ததும் மீட்டர் அளவைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அளவு மைனஸ் கணக்கில் வரும். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நல்லது, மைனஸ் 27-ஐத் தாண்டினால் இணைப்பு தள்ளாடும். கம்பத்துப் பெட்டியில் நன்றாக இருந்து வீட்டில் குறைந்தால், நடுவில் உள்ள கேபிளை மாற்றச் சொல்லுங்கள். ஃபைபரில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கண்ணைப் பாதிக்கலாம். கழற்றிய ஃபைபர் முனையை உற்றுப் பார்க்காதீர்கள்.

6. புகார் எண் இல்லாமல் விடாதீர்கள். வேலை முடியாமலே 'சரியாகிவிட்டது' என்று புகாரை மூடினால், அந்த எண்ணைக் குறிப்பிட்டு நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிமுறைகள் இதற்கு வழி செய்கின்றன.