450 பத்திரிகையா, 500 பத்திரிகையா?

கம்பத்திலிருந்து எழுதிய வாசகருக்கு,

மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க, தேனிக் கடையின் விலைப்பட்டியலைப் போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். கார்டு ஒன்று 18 ரூபாய், 450-க்கு 8,100 ரூபாய்தானே என்று கேட்டிருந்தீர்கள்.

அது வெறும் கார்டு விலைதான். படத்தின் அடியில், நிழல் விழுந்த இடத்தில் ஒரு வரி இருக்கிறது: 'பிரிண்டிங் முதல் 100-க்கு 900, அடுத்த ஒவ்வொரு 100-க்கும் 250.' எழுத்துக் கோத்து, புரூஃப் காட்டி, மெஷினில் ஏற்றுகிற வேலை 100 அடித்தாலும் 500 அடித்தாலும் ஒன்றுதான். அதனால் முதல் நூறுக்கு மட்டும் கூலி அதிகம்.

அந்த வரியையும் சேர்த்துப் போடுவோம். 400 பத்திரிகை என்றால் கார்டு 7,200, பிரிண்டிங் 1,650, மொத்தம் 8,850. 450 என்றால் பிரிண்டிங்கை ஐந்து நூறாகத்தான் கணக்கிடுவார்கள். கார்டு 8,100, பிரிண்டிங் 1,900, மொத்தம் 10,000. 500-க்கு வந்தால் கார்டு விலையே 16 ஆகிவிடுகிறது. கார்டு 8,000, பிரிண்டிங் அதே 1,900, மொத்தம் 9,900. ஐம்பது பத்திரிகை கூடுதலாக வாங்கியும் நூறு ரூபாய் மிச்சம். இந்தப் பட்டியலின்படி 445-லிருந்தே 500 அடிப்பதுதான் லாபம். 420 போதும் என்றால் 420-ஐயே அடியுங்கள், அது 9,460-தான்.

ஒரு சந்தேகம் உண்டு. டியூப்லைட் வெளிச்சம் பட்டு, அந்த 16 என்பது 18 மாதிரியும் தெரிகிறது. அதே பட்டியலில் மற்ற கார்டுகளுக்கெல்லாம் 500-க்கு விலை குறைந்திருப்பதால் 16 என்று எடுத்துக்கொண்டேன். ஒருவேளை 18 என்றால் 500-க்கு 10,900 ஆகும், கணக்கே மாறிவிடும். கார்டு நம்பரைச் சொல்லி, போனில் கேட்டுவிடுங்கள்.

கேட்கும்போதே, ஜிஎஸ்டி இதில் சேர்ந்ததா தனியா என்றும் கேளுங்கள். மாப்பிள்ளை வீட்டுக்குத் தனி வாசகம் என்றால் அது இன்னொரு வேலை, முதல் நூறுக்கான 900 இரண்டாம் முறையும் விழும். 250, 250 என்று பிரித்து அடித்தால் பிரிண்டிங் மட்டும் 2,800. இரண்டு வாசகத்தையும் சேர்த்து 500 கார்டு விலை தருவார்களா என்பதையும் பேசிக்கொள்ளுங்கள்.

குமுளி தாண்டி ஏலத்தோட்டங்களில் உள்ள சொந்தங்களையும் சேர்த்து, வீட்டுக்கு ஒன்று என்று முதலிலேயே எழுதி எண்ணிவிடுங்கள். பிறகு ஐம்பது பற்றவில்லை என்று திரும்பப் போனால், கார்டுக்கு 900, பிரிண்டிங்குக்கு 900, ஆக ஒரு பத்திரிகை 36 ரூபாய். அட்வான்ஸ் கொடுக்கும் முன் 450-க்கும் 500-க்கும் மொத்தத் தொகையைத் தனித்தனியாகச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்