அப்பாவின் திதிக்கு லீவு: நான்கு வரியில் எழுதுவது எப்படி?

2023 ஜனவரி 2, திங்கட்கிழமை. அப்பாவின் தலைத்திவசம். தர்ப்பை மோதிரம் போட்ட கையில் எள்ளை வைத்துக்கொண்டு, வாத்தியார் தண்ணீர் விடச் சொல்வதற்காகக் காத்திருக்கிறேன். அடுத்த அறையில் போன் அடிக்கிறது, நிற்கிறது, மறுபடியும் அடிக்கிறது. நான்காவது முறை அம்மா எழுந்து போய் எடுத்தாள். புது வருடத்தின் முதல் வேலை நாள், பன்னிரண்டரை மணி மீட்டிங்கில் நான் ஏன் இல்லை என்று ஆபீஸிலிருந்து கேட்டார்கள்.

அவர்கள் மேல் தப்பில்லை. லீவு விண்ணப்பத்தில் காரணம் என்ற கட்டத்தில் 'ஃபேமிலி ஃபங்ஷன்' என்று எழுதியிருந்தேன். மேனேஜரும் 'என்ஜாய்' என்று பதில் போட்டிருந்தார். அந்தப் பதிலைப் பார்த்தபோதே நான் எழுதியது அவருக்குப் போய்ச் சேரவில்லை என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வந்த திதிகளில் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் தேதியை உறுதி செய்யுங்கள்

இறந்த தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி என்ற மூன்றையும் வைத்துத்தான் நம் வீடுகளில் பெரும்பாலும் நாள் பார்க்கிறோம். அதனால் ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு நகரும். சில ஆண்டுகளில் பத்துப் பதினொரு நாள் முன்னால் வரும், சில ஆண்டுகளில் பதினெட்டு, பத்தொன்பது நாள் தள்ளிப் போகும்.

என் அப்பா காலமானது 2022 ஜனவரி 13, வைகுண்ட ஏகாதசி அன்று. அதாவது மார்கழி வளர்பிறை ஏகாதசி. அதன் பிறகு வைகுண்ட ஏகாதசி வந்த நாட்களைப் பாருங்கள்: 2023 ஜனவரி 2, 2023 டிசம்பர் 23, 2025 ஜனவரி 10, 2025 டிசம்பர் 30. 2023-இல் இரண்டு முறை வந்திருக்கிறது, 2024-இல் ஒரு முறைகூட இல்லை. லீவுப் பட்டியலை மட்டும் பார்க்கும் ஒருவருக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும். ஆகவே போன வருடத் தேதியைக் காட்டி, இந்த வருடமும் அதே நாள் என்று சொல்லிவிடாதீர்கள். போனில் 'ஆண்டுதோறும்' என்று நினைவூட்டல் போட்டு வைத்தாலும் தவறான நாளில்தான் மணி அடிக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாட்காட்டியில் அச்சிட்டிருக்கும் ஏகாதசி பெரும்பாலும் விடியும்போது உள்ள திதியை வைத்துக் குறித்தது. திவசத்துக்கோ பிற்பகலில், அதாவது அபராஹ்ண காலத்தில், அந்தத் திதி இருக்க வேண்டும். இதனால் திவசம் ஒரு நாள் முன்பே வந்துவிடலாம். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் இடையிலும் வித்தியாசம் வருவதுண்டு. உங்கள் வீட்டு வாத்தியாரிடம் கேட்டு ஒரே தேதியாக முடிவு செய்த பிறகே ஆபீஸில் வாயைத் திறங்கள். சொன்ன தேதியைப் பிறகு மாற்றினால், 'மாற்ற முடியாத நாள்' என்ற சொல்லுக்கு மதிப்பில்லாமல் போய்விடும்.

2. எந்தச் சொல் என்பதைத் தீர்மானியுங்கள்

'பெர்சனல் வொர்க்' என்று எழுதினால் வங்கி வேலையோ வண்டி சர்வீஸோ என்று நினைப்பார்கள். 'ஃபங்ஷன்' என்றால் கொண்டாட்டம். 'பூஜை' என்றால் காலையில் முடித்துவிட்டுப் பத்து மணிக்கு லாகின் செய்யலாமே என்று தோன்றும். 'டெத் ஆனிவர்சரி' என்பது கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் படத்துக்கு மாலை போட்டு நினைத்துக்கொள்ளும் நாள் என்றுதான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆங்கிலத்தில் எழுதும்போது நான் பயன்படுத்துவது 'ஆனுவல் டெத் ரைட்ஸ்'. ரைட்ஸ் என்றதும் அது செய்தாக வேண்டிய சடங்கு என்பது விளங்கிவிடுகிறது. தமிழில் 'வருடாந்திரத் திதி' அல்லது 'ஆண்டுத் திவசம்' போதும்.

மேனேஜர் வேறு மாநிலத்தவர் என்றால் அவர் வீட்டில் புழங்கும் ஒரு சொல்லைச் சேர்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். தெலுங்கருக்கு 'தத்தினம்', மலையாளிக்கு 'சாத்தம்'. இந்திக்காரரிடம் வெறுமனே 'ஷ்ராத்' என்றால், புரட்டாசியை ஒட்டி வரும் பித்ரு பட்சப் பதினைந்து நாள்தான் அவர் நினைவுக்கு வரும். அது முடிந்துவிட்டதே என்று குழம்புவார். 'வார்ஷிக் ஷ்ராத்' என்று சொல்லுங்கள்.

3. நான்கு செய்திகளை மட்டும் எழுதுங்கள்

பித்ருக்கள், கடன், காகம் என்று விளக்க ஆரம்பித்தால் கடிதம் நீளும். அதோடு அது அனுமதி கேட்டுக் கெஞ்சுவது போலவும் ஆகிவிடும். நாம் எதை நம்புகிறோம் என்பது மேனேஜருக்குத் தெரிய வேண்டியதில்லை. யாருக்காக, அதில் உங்கள் பங்கு என்ன, நாளை ஏன் மாற்ற முடியாது, எந்த நேரத்தில் உங்களைப் பிடிக்க முடியாது: இந்த நான்கும் போதும்.

இதில் பலரும் விட்டுவிடுவது இரண்டாவதை. 'அப்பாவின் திதி இருக்கிறது' என்றால் நீங்கள் போய் உட்கார்ந்திருக்கும் ஒரு நிகழ்ச்சி போலத் தெரிகிறது. 'அதைச் செய்ய வேண்டியவன் நான்' என்றால் நீங்கள் இல்லாமல் அது நடக்காது என்பது ஒரே வரியில் விளங்குகிறது. வீட்டில் மாமனாருக்குத் திவசச் சமையல் செய்யும் மருமகளும் 'கலந்துகொள்கிறேன்' என்று எழுத வேண்டாம். 'அன்றைய சடங்குக்கான சமையல் முழுவதும் என் பொறுப்பு' என்று எழுதலாம். அதுதானே உண்மை.

2025 டிசம்பர் 30-க்கு நான் அனுப்பியதைத் தமிழில் தருகிறேன்:

> பொருள்: டிசம்பர் 30, செவ்வாய் – தந்தையின் வருடாந்திரத் திதி – ஒரு நாள் விடுப்பு
>
> வணக்கம் சார். 2022-இல் காலமான என் தந்தைக்கு ஆண்டுதோறும் செய்யும் திதிச் சடங்கு இம்முறை டிசம்பர் 30, செவ்வாய்க்கிழமை வருகிறது. மகன் என்ற முறையில் அதைச் செய்ய வேண்டியவன் நான். பஞ்சாங்கப்படி அமையும் நாள் என்பதால் மாற்ற இயலாது. அன்று முழு நாள் விடுப்பு வேண்டும். காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை என் போன் அணைந்திருக்கும். என் வேலைகளை 29-ஆம் தேதி மாலைக்குள் குழுவில் ஒப்படைத்துவிடுகிறேன்.

'2022-இல் காலமான' என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். ஒரு முறை ஆண்டைக் குறிப்பிடாமல் எழுதினேன். உடனே, 'உங்கள் இழப்புக்கு ஆழ்ந்த இரங்கல்' என்று பதில் வந்தது. அப்பா அப்போதுதான் இறந்துவிட்டார் என்று நினைத்துவிட்டார்கள். அதைத் திருத்தி எழுதுவது இரண்டு பேருக்கும் சங்கடம்.

விண்ணப்பத்தில் லீவு வகையையும் சரியாகத் தேர்ந்தெடுங்கள். துக்க விடுப்பு என்று ஒன்று இருந்தால், அது பொதுவாக மரணத்தை ஒட்டிய நாட்களுக்கானது. ஆண்டுத் திதிக்கு உங்கள் கேஷுவல் லீவோ ஈட்டிய விடுப்போதான் பொருந்தும்.

4. எப்போது அனுப்புவது?

வாத்தியார் தேதி சொன்னதும் ஒரு வரி தகவல் கொடுத்துவிடுங்கள். விண்ணப்பத்தை ஒரு மாதம் முன்பே போடுங்கள். மார்கழித் திதி என்றால் ஆண்டுக் கடைசியில் எல்லோரும் லீவு கேட்கும் சமயம் அது. கடைசி வாரத்தில் கேட்டால், மாற்ற முடியாத நாளும் மற்றவர்களின் சுற்றுலாவும் ஒரே வரிசையில் நிற்கும்.

முந்தின நாள் மாலை ஒரு நினைவூட்டல் போதும். திவசத்துக்கு முந்தின இரவு சாப்பாட்டு நியமம் உள்ள வீடுகள் உண்டு. காலையில் சீக்கிரம் எழவும் வேண்டும். அதனால் அன்று இரவு மீட்டிங்கையும் தவிர்த்துவிடுங்கள். ஊருக்கோ ராமேஸ்வரத்துக்கோ போய்ச் செய்வதானால் பயண நாட்களைத் தனியாகக் குறிப்பிடுங்கள். மூன்று நாளையும் சடங்கு என்று சேர்த்து எழுதினால், பயண நாளைக் குறைக்கச் சொல்லும்போது திதி நாளும் பேரத்துக்கு வந்துவிடும்.

5. பதில் வந்த பிறகு

'சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாமே' என்று கேட்டால் கோபப்பட வேண்டாம், விளக்கவும் வேண்டாம். 'திதி நாளில்தான் செய்ய முடியும் சார், நாளைத் தேர்ந்தெடுப்பது எங்கள் கையில் இல்லை' என்று சொன்னால் போதும்.

'அரை நாள் போதாதா?' என்பதுதான் அடிக்கடி வரும் கேள்வி. இதற்கு நேரத்தையே பதிலாகச் சொல்லுங்கள்: 'சடங்கு நடப்பதே நண்பகலில்தான். காலையிலிருந்து அதற்கான வேலை, முடிந்து சாப்பிட மூன்று மணி ஆகிவிடும்.' பிண்டம் வைத்து, காக்கைக்குச் சோறு போட்டு, வந்தவர்களுக்குப் பரிமாறிய பிறகுதான் செய்தவர் வாயில் பருக்கை போகும். முந்தின பாதி நாளோ பிந்தின பாதி நாளோ எடுத்தால் இரண்டுமே அந்த நண்பகலை வெட்டும்.

'போனில் மட்டும் இருங்கள்' என்றால், 'என் பெயருக்கு வரும் அவசரத்தை அன்று யார் பார்ப்பது என்று ஒருவரைச் சொல்லிவிடுங்கள் சார், அவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடுகிறேன்' என்று கேளுங்கள். பெயர் ஒன்று முடிவானால் உங்களைத் தேட மாட்டார்கள். 'முயற்சி செய்கிறேன்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தையில் பத்து மணி முதல் மூன்று மணி வரை என்ற எல்லை அழிந்துவிடும்.

6. அன்றே அடுத்த தேதியைக் கேட்டு வையுங்கள்

2025 டிசம்பர் 30 லீவுக்கு மேனேஜரிடமிருந்து வந்த பதில் இவ்வளவுதான்: 'அன்று உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள்.' யாரும் கூப்பிடவில்லை. எள்ளும் தண்ணீரும் விட்ட சத்தம்தான் அறையில் இருந்தது. மொட்டை மாடிச் சுவரில் வைத்த சோற்றைக் காகம் எடுக்கும்வரை அம்மா நகராமல் நின்றாள்.

வாத்தியார் கிளம்பும்போது அடுத்த திதியைக் கேட்டேன். 2026 டிசம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. லீவு வேண்டியதில்லை. ஆனாலும் அந்தத் தேதிக்கு நேராக 'காலை 10 – பிற்பகல் 3, போன் அணைந்திருக்கும்' என்று அப்போதே குறித்து வைத்துவிட்டேன்.